கலைந்தது மூன்று, கருகியது நான்கு

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் தீபாவளி என்றால் பட்டாசுக்கு முன்னால் நோன்புதான். கேதார கௌரி நோன்பு. ஐப்பசி அமாவாசையன்று இருபத்தோரு இழை நோன்புக் கயிறு, இருபத்தோரு வெற்றிலை, இருபத்தோரு பாக்கு, இருபத்தோரு அதிரசம் என்று எல்லாவற்றையும் எண்ணி வைத்துப் படைக்க வேண்டும். ஈசனின் உடம்பில் சரிபாதி கேட்டு அம்பிகை இருந்த விரதம் இது என்பார்கள். போன வருடம் அந்தச் சரிபாதிக் கணக்கு எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. அம்மா, அக்காவின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டாள். என் மனைவிக்கு அந்த வாரம் முழுக்க இரவு டூட்டி. மிச்சம் இருந்தது நான். வெந்நீரும் முட்டையும் தவிர எதையும் அடுப்பில் வைத்துப் பழகாதவன்.

"கடையில வாங்கிடலாமேமா" என்றேன் போனில்.

"சாமிக்குடா" என்றாள் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்தது.

அம்மா சொன்ன அளவு இது. அரைக் கிலோ மாவுப் பச்சரிசி, அதில் முக்கால் பங்கு எடைக்குப் பாகு வெல்லம், நாலு ஏலக்காய், கொஞ்சம் சுக்குப் பொடி. முப்பது அதிரசம் வரும். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, மிஷினில் கொடுத்து அரைக்க வேண்டும். உலர்த்தி என்ற சொல்லில்தான் முதல் பள்ளம். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனில்லை. மொட்டை மாடியில் வேட்டி விரித்து, நல்ல உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் காய வைத்தேன். அரிசி கையில் சலசலத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மிஷின்காரர் பையில் கையை விட்டுப் பார்த்தார். "கோலத்துக்கா சார்?"

"அதிரசத்துக்கு."

அவர் ஒன்றும் சொல்லாமல் அரைத்துக் கொடுத்தார். அந்த மௌனத்தின் பொருள் அன்று ராத்திரி அம்மாவிடம் பேசியபோதுதான் விளங்கியது. அதிரசத்துக்கு அரிசி காயவே கூடாது. நிழலில், ஃபேனுக்கு அடியில் இருபது நிமிடம் போதும். தொட்டால் விரலில் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அரைத்த மாவை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும். என் மாவு விரலிடுக்கில் பவுடராக வழிந்தது.

ஈரத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் அப்போது தோன்றியது. ஊறிய அரிசி மெத்தென்று இருப்பதால் சூடேறாமல் நைசாக அரைபடும், மாவுமணிகள் அதிகம் சிதையாது. காய்ந்த அரிசியை அரைக்கும்போது கல்லின் சூட்டிலும் உராய்விலும் மாவுமணிகள் உடைகின்றன. உடைந்த மாவுக்குத் தாகம் அதிகம். பாகை ஊற்றினால் அதிலிருக்கும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். அதிரசம் வறட்டி ஆவதும், கடித்தால் நறநறப்பதும் இதனால்தான். அந்த மாவை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, கோலத்துக்கு என்று ஒதுக்கி வைத்தேன். இந்த டப்பா பிறகு வரும்.

மறுநாள் இன்னொரு அரைக் கிலோ. இந்த முறை ஃபேனுக்கு அடியில், கையில் கடிகாரத்தோடு. மிஷின்காரர் மாவைப் பிடித்துப் பார்த்து, "இப்ப சரி" என்றார். பள்ளியில் கூட எனக்கு யாரும் இப்படி மார்க் போட்டதில்லை.

அடுத்தது பாகு. அதிரசத்தில் எல்லாரும் விழுகிற இடம் இதுதான்.

வெல்லத்தைத் தட்டி, நனையும் அளவு தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மண் போக வடிகட்டி மறுபடி அடுப்பில் ஏற்றினேன். எதுவரை காய்ச்ச வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதில், "தக்காளிப் பதம்." ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் திரட்டினால், அது கரையாமல் பழுத்த தக்காளி போல மெத்தென்று உருண்டு வரணும். கம்பி இழுத்தால் மட்டும் போதாது; உருண்டை கெட்டியாகிவிட்டால் தாண்டிப்போச்சு.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். இனிப்பு செறியச் செறியக் கொதிக்கும் சூடும் ஏறும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சர்க்கரைப் பாகு இந்தத் தக்காளிப் பதத்துக்கு வரும்போது சூடு ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி வரை. ஆரம்பத்தில் பாகு அசையாமல் படுத்துக் கிடக்கும். பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. கடைசியில் மிஞ்சுகிற தண்ணீர் குறைவு என்பதால், அதில் கொஞ்சம் ஆவியானாலும் பதம் தாவிப் போய்விடும். அந்தக் கடைசி நிமிடங்களில் போனை எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை. நான் செய்தது வேறு.

ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் திரும்பத் திரும்பச் சொட்டு விட்டுப் பார்த்தேன். ஏழெட்டுச் சொட்டுக்குப் பிறகு அந்தத் தண்ணீர் சூடாகி, கலங்கிக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. சூட்டுத் தண்ணீரில் எந்தப் பாகும் இளகத்தானே செய்யும்? விட்ட சொட்டெல்லாம் கரைந்தது. "இன்னும் ஆகலை, இன்னும் ஆகலை" என்று நான் காய்ச்சிக்கொண்டே இருந்தேன். சந்தேகம் வந்து கிண்ணத்தை மாற்றிப் புதுத் தண்ணீரில் விட்டபோது சொட்டு அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்துத் தட்டில் போட்டேன். டங் என்றது. கடலை உருண்டைக்கு அருமையான பாகு.

"தண்ணி விட்டு மறுபடி காய்ச்சு, ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றாள் அம்மா. அது உண்மை, பாகு தீயாதவரை தண்ணீர் சேர்த்துப் பின்னால் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சூடு கண்டவன் நான். இந்த முறை சொட்டு லேசாகத் திரண்டதுமே பதறி அடுப்பை அணைத்தேன். மாவைக் கொட்டிக் கிளறினால் இட்லி மாவு மாதிரி ஓடியது. "தளரத்தான் இருக்கணும், ராத்திரி இறுகிடும்" என்றாள். தளர என்றால் எவ்வளவு தளர என்பதைப் போனில் காட்ட முடியுமா? மேலே நெய் தடவி, வெள்ளைத் துணியால் வாய்கட்டி வைத்தேன். மறுநாள் கொஞ்சம் இறுகியது. கொஞ்சம்தான்.

அமாவாசை காலை. குளித்து, ஈர வேட்டியோடு கடலெண்ணெயைக் காய வைத்தேன். வாழையிலையில் நெய் தொட்டு ஒரு உருண்டையைத் தட்டி எண்ணெயில் விட்டேன். அது மிதந்து மேலே வந்தது. அழகாக இருந்தது. பிறகு ஓரம் பிரிந்தது. நுரை பொங்கியது. நுரை அடங்கியபோது அதிரசத்தைக் காணோம். எண்ணெய் முழுக்கச் செம்மண் மாதிரி துகள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை ஜல்லிக் கரண்டியால் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், கரண்டிதான் மிஞ்சியது.

எதிர்வீட்டுப் பெரியம்மா நோன்புச் சாமான் வைக்கத் தாம்பாளம் கேட்டு அந்த நேரம் பார்த்து வந்தார்.

"கலைஞ்சு போச்சா? பாகு பத்தலை தம்பி."

அதிரசத்தில் மாவைக் கட்டிப் பிடிப்பது பாகுதான். அரிசி மாவில் கோதுமைபோல் ஒட்டிழுக்கும் பசை கிடையாது. பாகு இளசாக இருந்தால், காய்ந்த எண்ணெயில் அது இன்னும் இளகும். உள்ளிருக்கும் மிகைத் தண்ணீர் ஆவியாகிக் குபுகுபுவென்று வெளியே வரும். மாவு அதோடு கலைந்து போகும். இப்போது பாகை மட்டும் பிரித்துக் காய்ச்ச முடியாது. தண்ணீரைக் குடிக்கிற எதையாவதுதான் உள்ளே விட வேண்டும்.

"காஞ்ச மாவு ஏதாவது இருக்கா?"

எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினேன். பெரியம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இதை எதுக்கு இவ்ளோ காய வெச்சே?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அதிரசத்துக்கு ஆகாது என்று தள்ளிய தாகக்கார மாவு. ஒவ்வொரு கைப்பிடியாகத் தூவிப் பிசையச் சொன்னார். மூன்றாவது கைப்பிடியில் மாவு விரலை விட்டு உருண்டது. அரை மணி நேரம் மூடி வைத்து, சின்னதாக ஒன்று தட்டிப் போட்டுப் பார்த்தோம். நின்றது.

அது நின்ற சந்தோஷத்தில் தீயை ஏற்றிவிட்டேன். அடுத்த நான்கும் ஒரு நிமிடத்தில் கரிக்கட்டை நிறம். பிட்டால் உள்ளே பச்சை மாவு. வெல்லத்தில் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் உண்டு. அவை சீக்கிரம் சிவந்து கருகுகிறவை. அதனால் அதிரசத்தின் நிறத்தை நம்பி வெந்ததா என்று சொல்ல முடியாது. எண்ணெய் காய்ந்ததும் தீயைத் தணித்து, ஒவ்வொன்றாகப் போட்டு, உப்பியதும் ஒரே ஒரு முறை திருப்பி, எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிய வேண்டும். அழுத்தும்போது மாவு பிதுங்கினால் வேகவில்லை. அந்த ஓசையில்லாத சின்ன அழுத்தத்தில் என் கைக்கு முதன்முதலாக ஏதோ தெரிந்தது.

தாளில் அடுக்கி எண்ணினேன். பத்தொன்பது. பாத்திரத்தை வழித்தால் எலுமிச்சை அளவு மாவு. நைவேத்தியத்துக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பதால் கருகியதைக்கூட நான் வாயில் போடவில்லை. இல்லாவிட்டால் இதுவும் மிஞ்சியிருக்காது. அதை இரண்டாகப் பிட்டு, பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு தட்டினேன். தாம்பாளத்தில் அவை பெரியவர்களுக்கு நடுவே பேரப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பெரியம்மாவைப் பார்த்தேன்.

"கணக்கு இருபத்தொண்ணுன்னுதான் சொல்லியிருக்கு. அளவு யாரும் சொல்லலை" என்றார்.

பத்து நாள் கழித்து அம்மா வந்தாள். பையைக்கூட இறக்காமல் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"பரவாயில்லை" என்றாள் அம்மா. இன்னொரு முறை மென்றாள். "பல்லுல லேசா நறநறன்னுதே. காஞ்ச மாவு கலந்தியா?"