எதிரொலிக்கும் மண்டபத்தில் இரண்டு ஒலிவாங்கிகள்: மஸ்கெலியாவில் ஒரு பக்தி இறுவட்டு

“ஏன் தம்பி, எங்க பாட்டு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?” என்று பஜனைக் குழுவின் மூத்த பாடகியான பெரியம்மா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. மஸ்கெலியாவில் ஒரு தோட்டக் கோவில் மண்டபத்தில் நான் செய்த முதல் ஒலிப்பதிவு அது. பதினான்கு பேருக்கு முன்னால், ஆறு மீற்றர் தள்ளி ஒலிவாங்கிகளை வைத்திருந்தேன். எல்லோருடைய குரலும் கேட்டது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. 1977க்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய உறவுகளுக்கு அனுப்பத்தான் அந்த இறுவட்டு. அந்தப் பாடல்கள் முழுவதையும் அறிந்தவர்கள் குழுவில் இப்போது இரண்டு பேர்தான். ஆகவே மீண்டும் பதிவு செய்தோம்.

சீமெந்துத் தரை, வெறும் சுவர், உயரக் கூரை. ஒருமுறை கை தட்டினால் ஒலி அடங்க மூன்று செக்கன் ஆகிறது. இப்படிப்பட்ட மண்டபத்தில் பாடகரின் வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தள்ளிப் போகப் போகக் குறைகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ மண்டபம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. இரண்டும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. பதினெட்டு மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் உயரமுள்ள எங்கள் மண்டபத்தில் அது வெறும் ஒரு மீற்றர். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் ஒலிவாங்கி என்றால் 1.7 மீற்றர் வரை போகலாம். ஆறு மீற்றரில் நான் பதிவு செய்தது மண்டபத்தை, பாடகர்களை அல்ல. பதிவில் ஏறிவிட்ட எதிரொலியைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம், ஆனால் குரலும் சேர்ந்து கெடும்.

மண்டபத்தில் நிற்கும்போது இது தெரியாது. இரண்டு காதுகளாலும் கேட்கும் மூளை எதிரொலியை ஒதுக்கிவிடும். அதனால் இம்முறை பெரியம்மாவை ஒரே அடியை நான்கு தடவை, நான்கு தூரங்களில் பாடச் சொல்லி, வெளியே போய் ஹெட்போனில் கேட்டேன். ‘ட்’, ‘க்’ போன்ற எழுத்துகள் எந்தத் தூரத்தில் மங்கத் தொடங்குகின்றன என்பதே அளவுகோல். இரண்டு மீற்றரைத் தாண்டியதும் மங்கின.

பதினான்கு பேரை அவ்வளவு கிட்ட எப்படி நிறுத்துவது? அரைவட்டமாகத்தான். நடுவில் ஒலிவாங்கிகள், ஒன்றரை மீற்றரில் ஏழு பேர், அவர்களுக்குப் பின்னால் வாங்குகளின் மேல் ஏழு பேர். மெல்லிய குரல்கள் முன்னால், உரத்த குரல்கள் பின்னால். இரண்டு ஒலிவாங்கிகளையும் தலைக்குச் சற்று மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக, முனைகள் ஒரே இடத்தில் இருக்க, ஒன்றுக்கொன்று செங்கோணமாகத் திருப்பி, பின்வரிசையின் வாய்களை நோக்கிச் சாய்த்தேன். தள்ளித் தள்ளி வைத்தால் ஹெட்போனில் அகலமாக இருக்கும். ஆனால் இந்த இறுவட்டு கோவில் குழாய் ஒலிபெருக்கியிலும் கைபேசியிலும்தான் ஒலிக்கப் போகிறது. அங்கே இரண்டு பதிவும் ஒன்றாகும்போது குரல் உள்ளீடற்றதாகிவிடும்.

ஒலிவாங்கியின் முதுகு மண்டபத்தின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தது. குழுவுக்குப் பின்னால் கயிறு கட்டி, லயங்களில் இரவல் வாங்கிய கம்பளிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். தாளத்தின் கூர்மையான எதிரொலி அடங்கியது. மிருதங்கத்தின் தொப்பி முழக்கத்தைக் கம்பளி தடுக்காது. மிருதங்கக்காரரை மெதுவாக வாசிக்கச் சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை. ஜால்ராவை அடியோடு நிறுத்தி, மறுநாள் ஒருவர் ஹெட்போனில் பாட்டைக் கேட்டபடி தனியாகத் தட்டிச் சேர்த்தோம்.

ரொறன்ரோவில் 1987 நவம்பர் 27 அன்று, ஒரு தேவாலயத்தில் கௌபோய் ஜங்கீஸ் என்ற குழு ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி அமர்ந்து ஓர் இசைத்தொகுப்பின் பெரும்பகுதியைப் பதிவு செய்தது. அங்கும் ஒலியளவைச் சரிசெய்தது பெரும்பாலும் ஆட்கள் நின்ற இடம்தான்.

நேரம் இன்னொரு தலைவலி. தென்மேல் பருவ மழைக் காலத்தில் தகரக் கூரையின் கீழ் எதையும் பதிய முடியாது. மார்ச்சில் மழை குறைவு, ஆனால் சிவனொளிபாதமலைக்குப் போகும் பஸ்கள் நல்லதண்ணி வீதியில் இரவெல்லாம் ஓடும். போயா தினத்தைத் தவிர்த்து, கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பிறகு, மாலை ஐந்தரைக்குத் தொடங்கினோம்.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்தேன்: பாட்டு முடிந்ததும் ஐந்து செக்கன் யாரும் அசையக் கூடாது. எதிரொலி தானாக அடங்காமல் வெட்டினால் கதவை அறைந்தது போல இருக்கும். நடுவில் பிழை வந்தால் பிழைத்த அடியிலிருந்து அல்ல, அதற்கு முந்திய அடியிலிருந்து பாடவேண்டும். ஏனெனில் முந்திய அடியின் எதிரொலி அடுத்த அடிக்குக் கீழே கிடக்கிறது. அது இல்லாத ஒட்டு காதுக்கு உடனே பிடிபடும்.

இரண்டு மாலைகளில் ஒன்பது பாடல்கள் முடிந்தன. ஒன்பதாவதின் கடைசியில் மழை இறங்கிவிட்டது. திரும்பப் பாட பெரியம்மாவுக்குத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறோம்.