இறங்கு விளிம்பில் எண்ணும் சில்லு

7493 எண்ணிச் சில்லின் நேர வரைபடத்தை வரைய, முதலில் கிளாக் அலையை மேல்வரியில் வரையுங்கள். அலை 1-இலிருந்து 0-க்கு இறங்கும் இடங்களில் எல்லாம் கீழ்நோக்கிப் புள்ளிக்கோடு இழுங்கள். ஏறும் விளிம்பை இந்தச் சில்லு கண்டுகொள்ளாது.

முதல் பிட் ஒவ்வொரு புள்ளிக்கோட்டிலும் மாறும். இரண்டாம் பிட்டுக்குக் கிளாக்கைப் பார்க்காதீர்கள், தவறு நேர்வது அங்கேதான். முதல் பிட் இறங்கும்போது மட்டுமே அது மாறும். இரண்டாம் பிட்டை இடப்பக்கம் வைத்துப் படித்தால் 00, 01, 10, 11 என்று வரும்.

முதல் பிட் இறங்கிய பிறகே இரண்டாவது அசைவதால் சில நானோநொடிகள் தாமதமாகும். 01 மாறி 10 ஆகும் இடைவெளியில் 00 தோன்றி மறையும். பூஜ்ஜியத்துக்காகக் காத்திருக்கும் கேட் ஒன்று இருந்தால், அது ஏமாந்து துடிக்கும். இரண்டாம் பிட்டின் மாற்றத்தைச் சற்று வலப்புறம் தள்ளி வரையுங்கள். அந்தப் பொய் எண் தாளிலேயே பிடிபடும்.