பதினேழு ரூபாய் எங்கே போனது?

வங்கி ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களை இப்போது ஒரு சங்கதி குழப்புகிறது. 17 ரூபாய், 9 ரூபாய், 23 ரூபாய் என்று, எந்தக் கடையிலும் கொடுத்ததாக நினைவில்லாத தொகைகள் காலை வேளைகளில் கணக்கிலிருந்து கழிகின்றன. இது திருட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. எப்போதோ ஒரு செயலியில் 'ரவுண்ட் அப்' சேமிப்புக்குச் சம்மதம் கொடுத்திருப்பீர்கள், பிறகு மறந்திருப்பீர்கள்.

சில்லறையை ரவுண்டாக்கிச் சேமிக்கும் யோசனையைப் பெரிய அளவில் பரப்பியது அமெரிக்காவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா. 2005-ல் அது கொண்டுவந்த திட்டத்தில், டெபிட் கார்டில் செய்யும் ஒவ்வொரு செலவும் அடுத்த முழு டாலருக்கு உயர்த்தப்படும். அந்த வித்தியாசம் அதே வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்குக்குப் போகும். இந்தியாவில் இந்த வேலையை வங்கிகளைவிடச் செயலிகளே அதிகம் செய்கின்றன. 2021-ல் பெங்களூருவில் தொடங்கிய 'ஜார்' அவற்றுள் பலரும் அறிந்தது. இங்கே சில்லறை போய்ச் சேருமிடம் சேமிப்புக் கணக்கு அல்ல, டிஜிட்டல் தங்கம். தடம் பிடிப்பது கடினமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பணத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். திங்கட்கிழமை ஒருவர் பாலுக்கு 46 ரூபாய், மளிகைக்கு 283, மருந்துக்கு 151, போன் ரீசார்ஜுக்கு 299 செலவு செய்கிறார். அடுத்த பத்துக்கு உயர்த்தினால் முறையே 4, 7, 9, 1. மொத்தம் 21 ரூபாய். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் 17 ரூபாய்தான் கழிந்திருக்கிறது, அதுவும் புதன்கிழமை காலையில்.

முதலில் தேதியைப் பார்ப்போம். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாகச் சில்லறை நகர்வதில்லை. அன்றைய சில்லறையைக் கூட்டி ஒரே தொகையாக எடுக்கிறார்கள். எடுப்பது யு.பி.ஐ. ஆட்டோபே என்ற வசதி மூலம். தொடக்கத்தில் ஒருமுறை ரகசிய எண்ணைப் போட்டு 'மேண்டேட்' என்னும் நிரந்தர அனுமதி கொடுத்தால் போதும். அதன்பின் ஒவ்வொரு முறையும் கேட்காது. ஆனால் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. திங்கள் செலவுக்குச் செவ்வாய் தகவல் வந்து, புதன் பணம் போவது அதனால்தான். வேளைக்கும் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோபே கழிவுகளை நெரிசல் நேரத்தில் செய்யக் கூடாது. காலை 10 மணிக்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின் என்று ஒதுக்கிவிட்டார்கள். காலை ஏழு மணிக்குத் தூக்கத்தில் இருந்தபோது பணம் போயிருந்தால் பதற வேண்டாம், முதலில் ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள்.

அடுத்தது தொகை. நீங்கள் செலவு செய்தது செயலிக்கு எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டு போனில் பல செயலிகள் வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்கின்றன. (உங்கள் வங்கிச் செய்திகள் அத்தனையையும் படிக்க அனுமதி தருகிறீர்கள் என்பதைச் சம்மதிக்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். ஐபோன் இந்த அனுமதியை எந்தச் செயலிக்கும் தருவதில்லை.) செய்தி வராத செலவு செயலியைப் பொறுத்தவரை நடக்காத செலவு. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜூன் 25 முதல், 100 ரூபாய்க்குக் குறைவாக அனுப்பும் யு.பி.ஐ. தொகைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது. மின்னஞ்சல் மட்டும் வரும். நம் உதாரணக்காரரின் வங்கியும் அப்படிப்பட்டது என்றால், 46 ரூபாய்ப் பால் கணக்கில் விழவில்லை. 21-ல் 4 போக 17. அதே காரணத்தால், 17 ரூபாய் கழிந்ததற்கும் குறுஞ்செய்தி வந்திருக்காது. சின்னத் தொகைகள் சத்தமில்லாமல் போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

மூன்றாவது சிக்கல் பெயர். ஸ்டேட்மென்ட்டில் செயலியின் பெயர் இருக்கும் என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். நிறுவனத்தின் பதிவுப் பெயரோ, நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரோ இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு, அந்த வரியில் உள்ள 12 இலக்க யு.பி.ஐ. குறிப்பு எண்ணைப் பிடியுங்கள். உங்கள் யு.பி.ஐ. செயலியின் வரலாற்றிலும் அதே எண் இருக்கும். வங்கியில் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

இனி 17 ரூபாய் தங்கமாகும் இடம். தங்கத்துக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 17 ரூபாயில் வரி சுமார் 50 காசு, மிச்சம் 16.50-க்குத்தான் தங்கம். கிராம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 0.0014 கிராம் சேரும். செயலி காட்டும் எண்ணிக்கை இப்படி நாலாவது தசமத்தில் நகர்வதால், வங்கிக் கணக்கோடு ஒப்பிடும்போது கிராமைப் பார்க்காதீர்கள், 'இன்றைய மதிப்பு' என்பதையும் பார்க்காதீர்கள். 'இதுவரை போட்ட தொகை' என்ற எண்ணை மட்டும் எடுங்கள். ஒரு மாத ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பெயருக்குப் போன வரிகளைக் கூட்டினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், வங்கியில் கழிந்து தங்கம் ஏறாமல் நிற்கும் வரி எது என்று தேதிவாரியாகப் பார்த்தால் அகப்பட்டுவிடும். குறிப்பு எண்ணோடு முதலில் செயலியில், பிறகு வங்கியில் புகார் கொடுக்கலாம். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆனால் அந்தக் கடைசிப் படி வங்கியின் தவறுக்குத்தான். தங்கத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல் புகார் என்றால் நிலைமை வேறு. டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டில் வராதது என்று செபி 2025 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. விற்கும்போது இன்னொரு இழப்பும் உண்டு: வாங்கும் விலையைவிட விற்கும் விலை எப்போதும் குறைவு. அந்த வித்தியாசம் 3 சதவீதம் என்று வைத்தால், போட்ட 100 ரூபாய் வரி போக 97 ஆகி, அன்றே விற்றால் 94 ஆகத் திரும்பும். தங்கம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகுதான் உங்கள் சில்லறை லாபம் பார்க்கும்.

பலரும் இந்த இடத்தில் சலித்துப்போய்ச் செயலியை அழித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மேண்டேட் சாகாது. அனுமதி உட்கார்ந்திருப்பது கூகுள் பே, போன்பே போன்ற, நீங்கள் ரகசிய எண் போட்ட யு.பி.ஐ. செயலியில். அங்கே உங்கள் படத்தைத் தொட்டு 'ஆட்டோபே' பகுதிக்குப் போனால் உயிரோடிருக்கும் மேண்டேட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அதிகபட்சத் தொகை: தினம் 17 ரூபாய் எடுப்பவர்கள் 500 ரூபாய் வரை எடுக்க அனுமதி வாங்கியிருக்கலாம். மற்றொன்று, எண்ணிக்கை: ரவுண்ட் அப்புக்கு ஒன்றும் 'தினசரி சேமிப்பு' என்று இன்னொன்றும் சேர்ந்து ஓடுவது உண்டு. வேண்டாததை ரத்து செய்ய மறுபடி ரகசிய எண் போட வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் ரவுண்ட் அப்பில் அடிப்படையான ஒரு கோளாறு இருக்கிறது. செலவு செய்தால்தான் சேமிப்பு. சிக்கனமாக இருந்த மாதத்தில் சேமிப்பும் குறைகிறது. ஒரு நாளைக்கு 17 ரூபாய் என்றால் மாதம் சுமார் 500. அஞ்சலகத்தின் ஐந்தாண்டு ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். 2025-ல் வட்டி 6.7 சதவீதம். போடுவதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பாஸ்புக்கில் மாதத்துக்கு ஒரே வரி.