மொட்டை மாடி ஒழுகல்: மூன்று கொட்டேஷன்களைச் சமப்படுத்தும் கணக்கு

ஒழுகும் மொட்டை மாடிக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால், மூன்று தாளிலும் கடைசி வரியில் நிற்கும் தொகைகள் ஒரே வேலைக்கானவை அல்ல. முறை வேறு, அளந்த பரப்பு வேறு, உத்தரவாதம் எதற்கு என்பதும் வேறு. இவற்றில் பரப்பை மட்டுமே வீட்டுக்காரர் ஒரு டேப்பை வைத்துத் தானே சரிபார்க்க முடியும். அதனால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

இருபது வருடப் பழமையான ஒரு கான்கிரீட் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வெளி அளவு 30 அடிக்கு 40 அடி. கூரைக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன்மேல் தட்டோடு. சுற்றிலும் 9 அங்குலக் கைப்பிடிச் சுவர், ஒரு மூலையில் 10 அடிக்கு 12 அடியில் படிக்கட்டு அறை. முதல் கான்ட்ராக்டர் அக்ரிலிக் பூச்சுக்குச் சதுர அடி 30 ரூபாய், 1,200 சதுர அடி, மொத்தம் 36,000 ரூபாய், 5 ஆண்டு உத்தரவாதம் என்கிறார். இரண்டாமவர் சிமெண்டும் பாலிமர் திரவமும் கலக்கும் பூச்சை வலைத்துணி வைத்து அடிக்க 55 ரூபாய், 1,111 சதுர அடி, வரி உட்பட 61,105 ரூபாய், 5 ஆண்டு என்கிறார். மூன்றாமவர் பாலியூரிதேன் பூச்சுக்கு 85 ரூபாய், 977 சதுர அடி, 83,045 ரூபாய், 10 ஆண்டு என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் ‘சுவர் ஓரம் ரன்னிங் அடிக்கு 60 ரூபாய், வரி தனி’ என்று சேர்த்திருக்கிறார்.

ஒரே மாடி மூன்று அளவாக வந்தது எப்படி? முதலாமவர் வீட்டின் வெளி அளவைப் பெருக்கியிருக்கிறார். சுவர்கள் நிற்கும் இடத்துக்கும் படிக்கட்டு அறைக்கும் அதில் பணம் சேர்ந்துவிட்டது. சுவர்களைக் கழித்தால் உள் அளவு 28.5 அடிக்கு 38.5 அடி, அதாவது 1,097 சதுர அடி. படிக்கட்டு அறையின் 120 போனால் பூச வேண்டிய தரை 977. மூன்றாமவரின் கணக்கு இதுதான். ஆனால் பூச்சு தரையோடு நின்றால் வேலை அரைகுறை. தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் விரிசல் முதலில் விடும். அங்கே மூலையைச் சாந்தால் வளைவாக நிரப்பி, பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரமாவது ஏற்ற வேண்டும். சுற்றளவு 134 அடி, உயரம் ஓர் அடி என்றால் 134 சதுர அடி. 977-உடன் சேர்த்தால் இரண்டாமவர் எழுதிய 1,111 வரும்.

இப்போது மூன்றையும் 1,111 சதுர அடிக்குக் கொண்டுவரலாம். மூன்றாமவரின் சுவர் ஓரத்துக்கு 8,040 ரூபாய் சேர்ந்து 91,085 ஆகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டால் 1,07,480. முதலாமவரின் தாளில் சுவர் ஓரம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் 36,000 என்றால் உண்மை விலை சதுர அடிக்கு சுமார் 32 ரூபாய். தரைக்கு மட்டும் என்றால் 37. இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். படிக்கட்டு அறையின் கூரையை மூவருமே சேர்க்கவில்லை. அது ஒழுகினால் மாடிப்படிச் சுவர்தான் நனையும். 120 சதுர அடிதான், அதே விலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

அடுத்தது முறை. எந்தப் பூச்சு உயர்ந்தது என்று கேட்பதைவிட, இந்த மாடிக்கு எது ஒட்டும், எது தாங்கும் என்று கேட்பதுதான் சரி. அக்ரிலிக் பூச்சு வாட்டம் நன்றாக இருந்து மழை நின்றதும் காய்ந்துவிடும் மாடிக்கு ஏற்றது. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் பள்ளத்தில் அது மெல்ல இளகி உரியும். சிமெண்ட்-பாலிமர் பூச்சு லேசான ஈரத்தின் மேலும் பிடிக்கும், ஆனால் பெரிய விரிசல் அசைந்தால் கூடவே நீளாது. பாலியூரிதேன் நன்றாக நீளும். ஆனால் அதற்குத் தரை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அதன் சில வகைகள் வெயிலில் மாவாக உதிரும் என்பதால், வெயில் தாங்கும் மேல்பூச்சு விலையில் அடக்கமா என்று கேட்பது அவசியம்.

தட்டோட்டு மாடியில் இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. ஓட்டு இணைப்புகள் விட்டுப்போன மாடியில், அடியிலுள்ள ஜல்லித் தளம் மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே மட்டும் பூசி மூடினால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கைச்சுத்தியலால் ஓடுகளை மெதுவாகத் தட்டிப் பார்த்தால், பிடிப்பு விட்டவை பொள்ளலாக ஒலிக்கும். அங்கங்கே சில என்றால் அவற்றை எடுத்துப் பதித்து இணைப்புகளை நிரப்பினால் போதும். பாதி மாடி பொள்ளல் என்றால் ஓட்டையும் ஜல்லியையும் உடைத்தெடுத்து, கான்கிரீட்டின் மேலேயே பூச்சு அடித்து, வாட்டம் பார்த்துப் புதுத் தளம் போடுவதுதான் நிற்கும். உடைப்புக்கூலியும் இடிபாட்டைக் கீழே இறக்கி அள்ளும் செலவும் கொட்டேஷனில் இருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். விலை குறைவாகத் தெரியும் தாள்களில் விடுபட்டிருப்பது பெரும்பாலும் இந்த வரிதான்.

உத்தரவாத ஆண்டுகளால் தொகையை வகுத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் முதலாமவருக்கு ஆண்டுக்கு 7,200, இரண்டாமவருக்கு 12,221, மூன்றாமவருக்கு 10,748 ரூபாய். முதலாமவரே மலிவு என்று தோன்றும். ஆனால் அவர் காட்டும் 5 ஆண்டு, டப்பாவின் மேல் அச்சடித்திருப்பது. தயாரிப்பு நிறுவனம் சரக்குக்குத் தருவது. ஒழுகினால் அதிகபட்சம் புதுச் சரக்கு கிடைக்கும். சுரண்டி எடுத்து மறுபடி பூசும் கூலி வீட்டுக்காரர் தலையில். இரண்டாமவர் தன் லெட்டர்பேடில் சரக்கும் கூலியும் சேர்த்து 5 ஆண்டு எழுதித் தருகிறார் என்றால், அந்த ஐந்தும் இந்த ஐந்தும் ஒன்றல்ல. மூன்றாமவரின் 10 ஆண்டு எழுத்தில் யாருடைய பெயரில் வருகிறது, டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் தாங்கிக்கோ துளை போட்டால் முழுதும் செல்லாதா அந்த இடத்துக்கு மட்டும் செல்லாதா, கட்டட விரிசல் விலக்கா, புகார் சொன்னால் எத்தனை நாளில் வருவார்கள் என்பதை நிபந்தனைப் பக்கத்தில் படிக்க வேண்டும். பில் இல்லாத வேலைக்கு எந்த உத்தரவாதமும் நடைமுறையில் நிற்பதில்லை.

நிறுவன உத்தரவாதம் குறிப்பிட்ட கனத்தில் பூசினால்தான் செல்லும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது சரக்கின் விவரத்தாளில் இருக்கும். உதாரணமாக ஒன்றரைக் கிலோ என்றிருந்தால், 1,111 சதுர அடி, அதாவது சுமார் 103 சதுர மீட்டருக்கு 155 கிலோ, இருபது கிலோ வாளியில் எட்டு வேண்டும். வேலை நடக்கும்போது நாலு வாளிதான் திறந்திருந்தால் பூச்சின் கனம் பாதிதான். வாளிகளின் எண்ணிக்கையைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லி, காலி வாளிகளை மாடியிலேயே விட்டுவைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

கடைசித் தவணையாகப் பத்து சதவீதத்தையாவது, பூச்சு காய்ந்தபின் வடிகால் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு முழு நாள் நிறுத்திப் பார்க்கும் சோதனைக்குப் பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதலாம். மர உத்தரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலும், கம்பி தெரியும் அளவு சிதைந்த கூரையிலும் மட்டும் தண்ணீரைத் தேக்கக் கூடாது. அங்கே குழாயால் பகுதி பகுதியாக நனைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை உடைக்காமல் பூசிய மாடியில் பழைய ஈரம் வடிந்து முடியச் சில வாரம் ஆகலாம் என்பதால், முதல் சொட்டைக் கண்டதும் வேலை தோற்றது என்று முடிவு கட்டாமல், சோதனைக்கு முன்பே கூரையின் அடியில் ஈரத் திட்டுகளின் ஓரத்தைப் பென்சிலால் குறித்து வைத்து, அவை பெருகுகின்றனவா என்று பார்ப்பதே முறை.