மார்ச் 1-இல் சேர்ந்தவருக்கு மார்ச் 29-இல் பில்

சென்னையில் ஒருவர் தூக்கம் வராமல் மார்ச் 1ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு ஒரு வெளிநாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறார். அடுத்த பணம் ஏப்ரல் 1-இல்தான் போகும் என்பது அவர் கணக்கு. மார்ச் 29 அதிகாலையிலேயே போய்விடுகிறது. மூன்று நாள் முன்னால்!

யாரும் ஏமாற்றவில்லை. இணைய நிறுவனங்களின் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் பணம் கட்டியபோது அங்கே பிப்ரவரி 28, இரவு 9.30. ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28, இரவு 9.30. அதுதான் நமக்கு மார்ச் 29 அதிகாலை 3 மணி. பிப்ரவரியின் 28 நாளை மார்ச்சின் 31 நாளுக்குப் பதிலாகக் கூட்டியதில் வந்த வினை இது. முதல் மாதம் மட்டும் குறைகிறது; அதன்பின் மாதந்தோறும் ஒரே தேதியைச் சுற்றித்தான் வரும்.

நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை சேருகிற எல்லோரும் சர்வருக்கு முந்தைய நாள் ஆட்கள்தான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பவருக்கு இது தலைகீழ்: மாலை 6 மணிக்குச் சேர்ந்தால் யுடிசியில் மறுநாள் பிறந்திருக்கும், பில்லில் தேதி ஒரு நாள் தள்ளி விழும்.

இலவசச் சோதனைக் காலத்தில்தான் இது வலிக்கும். சில நிறுவனங்கள் மணியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் குறித்துக்கொள்கின்றன. மார்ச் 10 இரவு 1.15-க்கு ஏழு நாள் சோதனையில் சேர்ந்தால், அங்கே பதிவாவது 9. முடிவது 16ஆம் தேதி பிறந்தவுடன், அதாவது நமக்கு 16 காலை 5.30. நீங்களோ 17-இல் ரத்து செய்யலாம் என்று இருப்பீர்கள். பணம் பிடித்த செய்தி சரியாகக் காலை 5.30-ஐ ஒட்டி வந்திருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாடிக்கையாளரின் ஊர் நேரத்தில் நாளை எண்ணி, பிறகு யுடிசிக்கு மாற்றினால் இந்தச் சிக்கல் வராது. செய்வது கடினமும் அல்ல. சந்தாதாரரின் நேர மண்டலத்தைச் சேர்த்துச் சேமித்தால் போதும். செய்யாததற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாளை நம்பாதீர்கள். ஆப்பிள் கடையின் சந்தாக்களில், சோதனைக் காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும். இந்திய அட்டையில் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாமல் படியுங்கள். ரத்து செய்ய அதுவே கடைசி வாய்ப்பு.