மைனர் பங்கை விற்கச் சான்றிதழ் மட்டும் போதாது

மதுரையில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் கட்டிய வீடு 40 லட்சம் பெறும். வாரிசுகள் மனைவி, தாயார், 14 வயது மகன், 11 வயது மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. கணவர் வாங்கிய கடனுக்காக வீட்டை விற்க மனைவி பத்திர ஆபீசுக்குப் போனால், முதல் கேள்வியே "கோர்ட் ஆர்டர் இருக்காம்மா?" என்பதுதான்.

உடனே பலரும் கார்டியன் சான்றிதழுக்கு அலைகிறார்கள். அது இந்தத் தாய்க்குத் தேவையே இல்லை. தகப்பன் இல்லாதபோது தாய்தான் இயற்கைக் காப்பாளர் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளோடு வங்கிக்குப் போனால், கணவரின் டெபாசிட்டில் பிள்ளைகள் பங்குக்கும் அவரே கையெழுத்திடலாம். சில கிளைகள் அப்போதும் சான்றிதழ் கேட்பது தேவையற்ற அலைக்கழிப்பு.

தாயும் இல்லாமல் சித்தப்பா வளர்க்கிறார் என்றால் கதை வேறு. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அவரை நியமித்தால்தான் வங்கி பணம் தரும். முஸ்லிம் தாயும் பிள்ளைகளின் சொத்துக்கு இயற்கைக் காப்பாளர் அல்ல என்பதால் அவருக்கும் நியமனம் வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் இருந்தாலும் வீட்டை விற்க முடியாது. விற்பனைக்கு முன்அனுமதி என்பது தனி உத்தரவு. பெற்ற தாய்க்கும் அது வேண்டும்.

நம் மதுரைத் தாய், சொத்து இருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கடன் நோட்டீஸ், விலைக்கு ஆதாரம் எல்லாம் சேர வேண்டும். விற்க அவசியம் உண்டா, பிள்ளைகளுக்குக் கண்கூடான நன்மை உண்டா என்றுதான் நீதிபதி பார்ப்பார். விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்தால் சந்தேகம் வரும். அனுமதி கிடைத்தாலும், பிள்ளைகள் பங்கை 18 வயதுவரை தேசிய வங்கியில் டெபாசிட் செய்யச் சொல்வது வழக்கம்; படிப்புச் செலவுக்கு வட்டியை எடுக்க விடுவதுண்டு. உத்தரவின் சான்றிட்ட நகலைப் பத்திரப்பதிவில் காட்ட வேண்டும். அதற்குமுன் அட்வான்ஸ் வாங்குவதானால், 'நீதிமன்ற அனுமதிக்கு உட்பட்டு' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

அனுமதியில்லாமல் எப்படியோ பதிவாகிவிட்டால்? மைனர் 18 வயதானபின் 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யலாம். கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஒரு தந்தை, மைனர் மகன்கள் பெயரில் வாங்கிய மனைகளை அனுமதியின்றி விற்றார். மகன்கள் மேஜரானதும் அதே மனைகளை வேறொருவருக்கு விற்றார்கள். 2025இல் உச்ச நீதிமன்றம், பழைய விற்பனையை மறுக்க வழக்குத்தான் போட வேண்டும் என்றில்லை, இப்படி விற்றதே போதும் என்றது. முதலில் வாங்கியவர் வழிவந்தவருக்கு மனை நிலைக்கவில்லை. வீட்டுக்கடன் தரும் வங்கியின் வக்கீல், பழைய பத்திரத்தில் 'மைனர்' என்ற சொல்லைக் கண்டதும் உத்தரவு நகலைக் கேட்பது இதனால்தான்.