ஒன்பது மைக்ரான் வட்டத்தில் ஒரு தூசி

இணையம் அரை மணிக்கு ஒருமுறை துண்டிக்கப்படும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சுவரில் மாட்டிய பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக மின்னும், அணையும், மறுபடி மின்னும். ஊழியர் வருகிறார். பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார், ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறார். அன்றைக்குச் சரியாகிவிடுகிறது. இரண்டு நாளில் பழைய கதைதான். கேபிள் எங்கோ அடிபட்டிருக்கும், புதிதாக இழுக்க வேண்டும் என்று பேச்சு தொடங்கும் கட்டம் இது. ஆனால் இத்தகைய கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம் தெருக் கம்பத்தில் இல்லை. கனெக்டரின் நுனியில் இருக்கிறது.

வீடுகளுக்கு வரும் கண்ணாடி இழையின் மொத்தக் குறுக்களவு 125 மைக்ரான். அதற்குள் ஒளி செல்லும் மையம் சுமார் 9 மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இழையை ஃபெருல் என்ற வெள்ளைப் பீங்கான் குச்சியின் நடுவில் ஒட்டி, முனையைப் பளபளப்பாகத் தேய்த்திருப்பார்கள். இரண்டு கனெக்டர்களை அடாப்டருக்குள் இரு பக்கமிருந்தும் செருகும்போது, இரண்டு ஃபெருல்களின் முகங்களும் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று அழுத்திக்கொள்கின்றன. அப்படி ஒட்டி நின்றால்தான் ஒளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஏறக்குறைய முழுதாகக் கடக்கும். நல்ல இணைப்பில் இழப்பு 0.3 டெசிபல் அளவில் இருக்கும்.

இடையில் ஒரு தூசி மாட்டினால் இரண்டு கெடுதல் நடக்கிறது. தூசி மையத்தின் மேல் இருந்தால் ஒளியை நேரடியாக மறைக்கிறது. ஓரத்தில் இருந்தாலும் இரண்டு முகங்களையும் விலக்கி நிறுத்திவிடுகிறது. அந்த மெல்லிய காற்று இடைவெளியில் ஒளியின் ஒரு பகுதி சிதறுகிறது, ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. போதாததற்கு, செருகும் அழுத்தத்தில் தூசி நொறுங்கிப் பரவுகிறது. மணல் போன்ற கடினமான துகளாக இருந்தால் கண்ணாடியில் குழியே விழுந்துவிடும்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். ஊழியர் பவர் மீட்டரை எடுக்கிறார். வீட்டுப் பெட்டியில் செருகியிருந்த பேட்ச் கார்டின் முனையில் மைனஸ் 27.6 டிபிஎம். பரவலாகப் பயன்படும் பி பிளஸ் வகை ஜிபான் இணைப்பில், வீட்டுப் பெட்டி மைனஸ் 27 வரை தாங்கினால் போதும் என்பதே வரையறை. ஆக இது விளிம்புக்கும் வெளியே நிற்கிறது. விளக்கு விட்டுவிட்டு மின்னுவதில் வியப்பில்லை. அதே ஸ்பிளிட்டரிலிருந்து இழை பெறும் பக்கத்து வீட்டில் மைனஸ் 19.5. எட்டு டெசிபல் வித்தியாசம் என்றால், பக்கத்து வீட்டுக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இங்கே வருகிறது. அப்படியானால் தொலைபேசி நிலையமும், தெருக் கேபிளும், ஸ்பிளிட்டரும் குற்றவாளிகள் அல்ல. கோளாறு ஸ்பிளிட்டருக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில்.

அடுத்து, சுவர்ப் பெட்டியில் பேட்ச் கார்டைக் கழற்றிவிட்டு, உள்ளிருந்து வரும் இழையின் முனையை நேராக மீட்டரில் செருகிப் பார்க்கிறார். மைனஸ் 19.8. காணாமல்போன ஒளி முழுவதும் ஒரு பேட்ச் கார்டுக்கும் ஒரு அடாப்டருக்கும் இடையில்தான் தொலைகிறது.

இங்கேதான் வழக்கமான தவறு நடக்கும். பேட்ச் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து புதியதைச் செருகுவார்கள். மீட்டர் மைனஸ் 23 காட்டும். பரவாயில்லை, தேறிவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் எதிரில் இருக்கும் முனையின் அழுக்கு புதிய கார்டின் முகத்திலும் இப்போது ஒட்டிக்கொண்டது. அந்த முனை மீட்டரில் நல்ல அளவு காட்டியதே என்றால், மீட்டரின் உணரி அகலமானது. சற்றுச் சிதறி வரும் ஒளியையும் அது வாரி எடுத்துக்கொள்ளும். எதிரில் 9 மைக்ரான் மையம் நிற்கும்போதுதான் அழுக்கின் உண்மையான விலை தெரியும். எனவே மீட்டரில் நல்ல எண் வந்ததாலேயே முனை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்ப்பதற்கான கருவி ஸ்கோப். முனையை 200 முதல் 400 மடங்கு வரை பெரிதாக்கித் திரையில் காட்டும் கேமரா இது. பேட்ச் கார்டுக்கு ஒரு நுனி, அடாப்டருக்குள் இருக்கும் முனையைக் கழற்றாமலே பார்க்க வேறொரு நுனி என்று மாற்றிப் போடலாம். வீடுகளில் காணும் பச்சை நிறக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. அதற்கென்றே சாய்வு நுனி உண்டு. சாதா நுனியைப் போட்டால் படத்தில் பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் தெரியும், அதை அழுக்கு என்று நினைத்து ஏமாறக்கூடாது. கண்ணை வைத்துப் பார்க்கும் பழைய வகை ஸ்கோப்பானால், இழையில் ஒளி இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்த பிறகே பார்க்க வேண்டும். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் கண்ணைப் பாதிக்கும் அளவு வலுவுள்ள இணைப்புகளும் இருக்கின்றன.

திரையில் வட்டமான இழையும் அதன் நடுவில் மையமும் தெரியும். தூசி கரும்புள்ளிகளாகவும், விரல் பட்ட எண்ணெய் பூசினாற்போன்ற படலமாகவும், காயாமல் விட்ட ஆல்கஹால் வளையக் கறையாகவும், கீறல் நேர்க்கோடாகவும் தெரியும். ஐஇசி 61300-3-35 என்ற சர்வதேசத் தரம் இந்த முகத்தை வட்ட வட்டமாகப் பிரித்து எங்கே எதை அனுமதிக்கலாம் என்று சொல்கிறது. மையத்தைச் சுற்றிய 25 மைக்ரான் வட்டத்துக்குள் தூசியோ குழியோ இருக்கவே கூடாது. வெளியே போகப் போகச் சிறிய குறைகளுக்கு இடம் உண்டு.

நம் ஊழியர் இரண்டு முனைகளையும் பார்க்கிறார். இரண்டிலும் எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய தூசி. முதலில் உலர் சுத்தம். பேனா போன்ற ஒன் கிளிக் கிளீனரை அடாப்டருக்குள் செலுத்தி 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்துகிறார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் துணி இழை நகர்ந்து புதிய பகுதி முகத்தைத் துடைக்கிறது. மறுபடி ஸ்கோப். தூசி போயிருக்கிறது, படலம் போகவில்லை. இப்போது ஈரச் சுத்தம். பஞ்சு உதிராத துடைப்பானின் ஒரு மூலையில் 99 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைச் சிறிதளவு தொட்டு, ஃபெருலை ஈரப் பகுதியில் வைத்து உலர்ந்த பகுதிவரை ஒரே திசையில் இழுக்கிறார். முன்னும் பின்னும் தேய்ப்பதில்லை. துடைத்த இடத்தில் மறுபடி துடைப்பதுமில்லை. அடாப்டருக்குள் இருக்கும் முனையை வெளியே எடுத்து அதற்கும் இதையே செய்கிறார். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் இதற்கு உதவாது, அதிலுள்ள தண்ணீர் கறையை விட்டுவிடும். வெறும் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி அக்கம்பக்கத்துத் தூசியையும் இழுத்துக்கொள்ளும்.

மறுபடி ஸ்கோப். பேட்ச் கார்டு சுத்தம். சுவர்ப் பக்க முனையில் ஒரு புள்ளி மட்டும் அசையவில்லை. சுத்தம் செய்தபின் இடம் மாறினாலோ மறைந்தாலோ அது அழுக்கு; இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால் அது குழி. இந்தப் புள்ளி மையத்திலிருந்து தள்ளி, 3 மைக்ரான் அளவில் இருக்கிறது. தரம் அதை அனுமதிக்கிறது. மையத்தில் இருந்திருந்தால் கனெக்டரையே வெட்டிப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். செருகி அளக்கிறார்: மைனஸ் 20.2.

ஸ்கோப்பால் கண்டுபிடிக்க முடியாதவையும் உண்டு. ஜன்னல் இடுக்கில் இழை மடிந்திருந்தாலோ, பச்சைக் கனெக்டரை நீலத்தோடு செருகியிருந்தாலோ முனைகள் பளிச்சென்றே தெரியும், இழப்பு மட்டும் குறையாது. மடிப்பானால் ஒரு தடயம் உண்டு: 1310 நானோமீட்டரில் இழப்பு குறைவாகவும் 1550-ல் மிக அதிகமாகவும் வரும். அழுக்கு பெரும்பாலும் இரண்டு அலைநீளங்களையும் ஏறக்குறைய ஒரேபோல் பாதிக்கும்.

பிளாஸ்டிக் மூடியை மட்டும் நம்பியிருக்க முடியாது. உறையிலிருந்து அப்போதே பிரித்த பேட்ச் கார்டின் முனையிலும் மூடியின் துகள்கள் ஒட்டியிருக்கும். அதனால் புதியதையும் பார்த்த பிறகே செருக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கனெக்டரைக் கழற்றி ஊதவோ சட்டையில் துடைக்கவோ வேண்டாம். அடுத்த முறை ஊழியர் பேட்ச் கார்டை மாற்றிவிட்டுக் கிளம்பினால், இரண்டு முனைகளையும் ஸ்கோப்பில் பார்த்தீர்களா, மீட்டர் இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று தயங்காமல் கேளுங்கள்.